இரண்டு நூல் தையலும் முக்கோண முனையும்

கேள்வி: "சேலத்தில் இருக்கிறேன். முதன்முறையாகப் பேட்ச்வொர்க் போர்வை தைக்கிறேன். 8 இன்ச் சாடூத் ஸ்டார் ப்ளாக், இதுவரை 12 முடித்துவிட்டேன். மெஷின் பாதத்தின் ஓரத்தை ஒட்டிக் கால் இன்ச் விட்டுத்தான் தைக்கிறேன், டேப் வைத்துப் பார்த்தாலும் கால் இன்ச்தான் காட்டுகிறது. ஆனாலும் நடுச்சதுரத்தைத் தொடும் முக்கோண முனைகள் மழுங்கிப் போகின்றன, ப்ளாக்கும் மற்றவற்றோடு இணைப்பதற்கு முன் இருக்க வேண்டிய 8½ வராமல் 8⅜தான் வருகிறது. பாதி ப்ளாக்குகளை 8¼ ஆக வெட்டிச் சமப்படுத்தி இரண்டை இணைத்துப் பார்த்தேன், வெளி முனைகளும் தையலுக்குள் போய்விட்டன. எங்கே தவறு?"

நீங்கள் கொடுத்திருக்கும் அளவுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதால், துணியையும் மெஷினையும் நேரில் பார்க்காமலேயே பெரும்பகுதியைச் சொல்ல முடிகிறது. நான் ஏற்காட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தையல் கற்றுக் கொடுத்து வருகிறேன். பேட்ச்வொர்க்கை எனக்குச் சொல்லித் தந்தவர் இந்த மலையிலேயே மடத்துத் தையல் அறையில் வாழ்நாளைக் கழித்த ஒரு மூத்த கன்னியாஸ்திரீ. தைத்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் ஒருபோதும் அதைத் திருப்பித் தையலைப் பார்க்கமாட்டார். முன்பக்கத்தை மேசையில் விரித்து, எவ்வளவு துணி மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் அளப்பார். உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அளவுகளை நம் ஊர்த் தச்சர்களும் தையல்காரர்களும் சொல்லும் நூல் கணக்கிலேயே பார்ப்போம், ஏனென்றால் இங்கே நடப்பதெல்லாம் அங்குலத்தில் எழுதினால் கண்ணுக்கே தெரியாத சின்ன அளவுகள். அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே கால் அங்குலம் என்பது இரண்டு நூல். (குழப்பம் வராமல் இருக்க, தைக்கும் நூலைத் தையல் நூல் என்றும், துணியில் ஓடுவதை இழை என்றும் எழுதுகிறேன்.) நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி முக்கோணத் துண்டுகளும் மூலைச்சதுரங்களும் என்று மூன்று வரிசையாகச் சேரும் உங்கள் ப்ளாக்கின் மேல்வரிசையில் 2½ அங்குல மூலைச்சதுரம், 4½ அங்குல நீளமுள்ள முக்கோணத் துண்டு, மீண்டும் ஒரு 2½ அங்குல மூலைச்சதுரம் என்று மூன்று துண்டுகள் இருக்கின்றன, மொத்தம் 9½ அங்குலம். அவற்றை இணைப்பவை இரண்டு தையல்கள், ஒவ்வொரு தையலும் இருபுறத்துத் துணியிலிருந்தும் இரண்டு நூல் எடுத்துக்கொள்கிறது. நான்கு இடத்தில் இரண்டு நூல் என்றால் எட்டு நூல், அதாவது ஓர் அங்குலம், மிச்சம் 8½. உங்களுக்கு வருவது 8⅜ என்பதால் ஒரு நூல் காணவில்லை. அந்த ஒரு நூலை நான்கு இடத்துக்கும் பகிர்ந்தால் ஒவ்வோர் இடத்திலும் கால் நூல். உங்கள் தையல் இரண்டு நூலுக்குப் பதிலாக இரண்டே கால் நூல் துணியைத் தின்கிறது. துண்டுகளைச் சரியான அளவில் வெட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கால் நூல் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துணி டேப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. டேப்பில் அச்சிட்ட கோட்டின் பருமனுக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். ஆனால் முக்கோண முனையில் அதே கால் நூல் பளிச்சென்று தெரியும், அதற்கு ஒரு காரணம் உண்டு. நடுச்சதுரத்தைத் தொடும் அந்தப் பெரிய முக்கோணத்தின் முனை செங்கோணம்; இருபுறமும் சமமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதன் முனையைக் கால் நூல் ஆழத்துக்கு மூடினால், மழுங்கிய இடத்தின் அகலம் அதைப்போல் இருமடங்கு, அரை நூல் ஆகிவிடும். கூர்மையாக இருக்க வேண்டிய இடத்தில் அரை நூல் அகலத்துக்குத் தட்டையான ஒரு வெட்டு. நீங்கள் பார்த்து வருந்துவது இதைத்தான்.

அந்தக் கால் நூல் எங்கே போகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். முதலாவது மடிப்பு. இரண்டு துணிகளைத் தைத்து விரித்துத் தேய்க்கும்போது, துணி தையல் நூலின் மேல் ஏறி வளைந்து இறங்குகிறது. அந்த வளைவுக்கு ஒன்றிரண்டு இழை அகலத் துணி செலவாகும். பின்பக்கத்தில் கால் அங்குலம் துல்லியமாக இருந்தாலும் முன்பக்கத்தில் கணக்குக் குறைவது இதனால்தான். பேட்ச்வொர்க்கில் கால் அங்குலத் தையல் என்று சொல்வதெல்லாம் உண்மையில் கால் அங்குலத்துக்கு ஓரிழையோ இரண்டு இழையோ குறைத்துப் போடும் தையலே. அனுபவமுள்ளவர்கள் அதை எழுதாமலே செய்வதால், புதிதாக வருபவர்கள் எழுதியிருப்பதை அப்படியே நம்பித் தவறுகிறார்கள். எத்தனை இழை குறைக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. மெல்லிய பாப்லினுக்கு ஓரிழை போதும். அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்துத் தறிகளில் நெய்த சற்றுத் தடித்த பருத்திக்கு இரண்டு இழை தேவைப்படலாம். தையல் நூலின் பருமனும் இதில் சேரும்.

இரண்டாவது, பாதத்தின் ஓரம். நம் வீடுகளில் இருக்கும் நேர்த்தையல் கால் மெஷின்களில் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் இருக்க வேண்டும் என்ற எந்த ஒப்பந்தமும் இல்லை. அது துணியை அழுத்திப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது, அளப்பதற்காக அல்ல. கால் அங்குலத்துக்கென்றே தனிப்பாதம் விற்கிறார்கள். அதை வாங்கினாலும் ஊசி நடுவில் சரியாக நிற்கிறதா, உங்கள் துணிக்கு அது ஒத்துவருகிறதா என்பதைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் மடிப்பு எவ்வளவு எடுத்தது, பாதம் எவ்வளவு எடுத்தது என்று என்னால் இங்கிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. நல்லவேளையாக, பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இரண்டையும் ஒரே சோதனை பிடித்துவிடும்.

போர்வைக்கு எடுத்திருக்கும் அதே துணியில் 1½ அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் உள்ள மூன்று பட்டைகளை, நீளவாட்டு இழை நேராக ஓடும்படி வெட்டிக்கொள்ளுங்கள். போர்வைக்குப் போடப்போகும் அதே தையல் நூல், அதே ஊசி, அதே வேகம். மூன்றையும் நீளவாக்கில் பக்கம் பக்கமாகத் தைத்து, தையலை ஒருபுறமாகச் சாய்த்துத் தேய்த்து, ஆறவிட்டு, நடுப்பட்டையின் அகலத்தை மட்டும் எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். அது சரியாக ஓர் அங்குலம், எட்டு நூல் இருக்க வேண்டும். நடுப்பட்டையை இரண்டு தையல்கள் இருபுறமும் கடிக்கின்றன என்பதால், குறைவு எவ்வளவோ அதில் பாதிதான் ஒரு தையலின் தவறு. உங்கள் கணக்குப்படி நடுப்பட்டை ஏழரை நூல் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் வழிகாட்டியை, அதாவது துணியின் ஓரம் உரசி ஓடும்படி மெஷின் மேடையில் வைக்கும் தடுப்பை, ஊசியை நோக்கிக் கால் நூல் நகர்த்த வேண்டும்; அதை அமைக்கும் விதத்தைக் கீழே சொல்கிறேன். கூடுதலாக வந்தால் ஊசியை விட்டு விலக்க வேண்டும். நகர்த்திவிட்டு மறுபடி மூன்று பட்டை. மூன்றாவது முறையில் பெரும்பாலும் அமைந்துவிடும். பட்டையின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலும் அளந்து பார்க்க மறக்காதீர்கள். தொடக்கத்தில் எட்டு நூலும் முடிவில் ஏழரையும் வந்தால் தவறு வழிகாட்டியில் இல்லை, கையில் இருக்கிறது.

சோதனை தோற்றவுடன் வழிகாட்டியைத் தொடுவதற்கு முன், தேய்த்ததைச் சந்தேகப்படுங்கள். என் மாணவிகளிடம் நான் காணும் குறைவுகளில் பாதிக்கு மேல் தையலில் வருவதல்ல, முழுதாக விரியாத மடிப்பில் வருவது. முன்பக்கத்தில் தையலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்திலாவது சிறிய உதடு போல் துணி மடிந்து நகத்தில் தட்டினால், அங்கே கால் நூல் ஒளிந்திருக்கிறது. தைத்தவுடன் துண்டை விரிக்காமல் தையலின் மேலேயே இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை வைத்து எடுத்தால் தையல் நூல் துணிக்குள் அமர்ந்துகொள்ளும். பிறகு விரித்து, முன்பக்கத்திலிருந்து, பெட்டியின் ஓரத்தால் தையலைத் தள்ளித் திறந்து அழுத்த வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தால், முக்கோணத்தின் சாய்வு ஓரங்கள், அதாவது நம் தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் ஓரங்கள், நீண்டுவிடும். நீண்டது திரும்பி வராது.

வழிகாட்டியை அமைக்கப் பணம் செலவழிக்க வேண்டாம். அங்குலக் கோடுள்ள ஒளி ஊடுருவும் ஸ்கேலைப் பாதத்தின் கீழே வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசி முனை கால் அங்குலக் கோட்டுக்குச் சற்று உட்புறமாக, ஸ்கேலின் விளிம்பை நோக்கி, மெல்லத் தொடும்படி நிறுத்துங்கள். ஸ்கேல் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பாதத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் வலது விளிம்பை ஒட்டி மெஷின் மேடையில் மருந்துக்கடைப் பிளாஸ்டரை ஐந்தாறு அடுக்காக ஒட்டுங்கள். அடுக்குகள் சேர்ந்து ஒரு சின்னச் சுவர் போல் நிற்கும். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டு ஓடும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் பிளாஸ்டர் ஏறக் கூடாது, ஊசிக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலமாவது அது நீண்டிருக்க வேண்டும். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருங்கள். ஊசியைப் பார்த்துத் தைப்பவர்களின் தையல் எப்போதும் சற்று ஆடும். பழைய கறுப்பு மெஷின்களில் ஊசித் தகட்டின் வலப்பக்கம் மேடையில் திருகுத் துளை இருக்கும். அது துணி வழிகாட்டியைத் திருகுவதற்கானது. உங்கள் மெஷினில் இருந்தால் பிளாஸ்டரை விட அது உறுதியானது.

இப்போது முக்கோணத் துண்டுக்கு வருவோம், ஏனென்றால் தையல் அகலம் சரியான பிறகும் முனை தவறுவதற்கு அது ஒன்று போதும். ஃப்ளையிங் கீஸ் என்று சொல்லும் இந்தத் துண்டை 2½ × 4½ அங்குலச் செவ்வகத்தின் இரு மூலைகளிலும் 2½ அங்குலச் சதுரங்களை மூலைவிட்டமாகத் தைத்துத் திருப்பும் முறையில் செய்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே கால் அங்குலத் தையலுக்கே வேலை இல்லை. வரைந்த கோட்டின் மேல்தான் தைக்கிறோம். ஆனால் மடிப்பு இங்கேயும் துணி கேட்கும். கோட்டின் மேலேயே தைத்தால், திருப்பிய சிறு முக்கோணம் செவ்வகத்தின் மூலையை எட்டாமல் ஓரிழை உள்ளே நின்றுவிடும். ஆகவே கோட்டிலிருந்து ஓரிழை அளவுக்கு வெளிமூலைப் பக்கமாக, வெட்டிப் போடப்போகும் பக்கமாக, தையுங்கள். மிச்சத்தை வெட்டுவதற்கு முன்பு ஒருமுறை திருப்பித் தேய்த்துப் பாருங்கள்: சிறு முக்கோணத்தின் மூலை செவ்வகத்தின் மூலையோடு சரியாக உட்கார்ந்தால் மட்டுமே உள்துணியை வெட்டலாம். எட்டாவிட்டால் பிரித்துத் தைப்பதற்கு அப்போதுதான் வழி உண்டு. துண்டை ஓரம் சீர்செய்யும்போது அடியில் இருக்கும் செவ்வகத்தின் விளிம்பையே சான்றாகக் கொள்ளுங்கள். அது இன்னும் நீங்கள் வெட்டிய அளவிலேயே இருக்கிறது.

முடிந்த துண்டில் இரண்டு இடங்களைக் கண் பார்க்க வேண்டும். பெரிய முக்கோணத்தின் முனை, துண்டின் விளிம்பிலிருந்து இரண்டு நூல் உள்ளே இருக்க வேண்டும். சாய்ந்த தையல்கள் இரண்டும் எதிர்ப்பக்கத்து மூலைகளில் இருந்து, மூலையின் நுனியிலிருந்தே, புறப்பட வேண்டும். முதலாவது நடுச்சதுரத்தோடு சேரும் முனையைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, ப்ளாக்கின் வெளி ஓரத்தில் நிற்கும் நட்சத்திரத்தின் கூர் முனைகளைத் தீர்மானிக்கிறது. எந்த முனை மழுங்குகிறது என்பதை வைத்தே எந்தத் தவறு என்று சொல்லிவிடலாம் என்பதை இங்கே கவனியுங்கள்: உள் முனை மட்டும் தவறினால் தையல் அகலம்; வெளி முனைகள் மட்டும் தவறினால் திருப்பித் தைத்ததிலோ ஓரம் வெட்டியதிலோ குற்றம்.

ப்ளாக்கைச் சேர்க்கும்போது முக்கோணத் துண்டு எப்போதும் மேலே, சதுரம் கீழே இருக்கட்டும். முக்கோணத் துண்டின் பின்பக்கத்தில் இரண்டு சாய்ந்த தையல்களும் வெட்டிக்கொண்டு போகும் இடம் பெருக்கல் குறி போல் தெரியும். அந்தக் குறியின் மையம்தான் முனை. உங்கள் தையல் அந்த மையத்தின் வழியாக, அல்லது ஓரிழை விளிம்புப் பக்கமாகப் போக வேண்டும். உட்பக்கமாக ஓரிழை போனாலும் முனை மழுங்கும். சதுரம் மேலே இருந்தால் இந்தக் குறி உங்களுக்குத் தெரியவே தெரியாது, குத்துமதிப்பாகத்தான் தைக்க வேண்டியிருக்கும். வழிகாட்டி ஓரிடத்தையும் குறி வேறோர் இடத்தையும் காட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வித்தியாசம் கால் நூலுக்குள் இருந்தால் அந்த ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் தையலை மெல்லச் சாய்த்துக் குறியின் வழியாகக் கொண்டுபோய்த் திரும்பிவிடலாம். போர்வையைப் பார்ப்பவர்கள் முனையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு மேல் என்றால் அந்த முக்கோணத் துண்டையே மறுபடி செய்வது நல்லது. இது என் தீர்ப்பு. இதைவிடக் கண்டிப்பாக இருப்பவர்களும் உண்டு.

இரண்டு முனைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய இடத்தில், மெல்லிய குண்டூசி ஒன்றை மேல் துண்டின் முனையில் செங்குத்தாக இறக்கி, கீழ்த் துண்டின் முனையில் வெளியே வரும்படி குத்துங்கள். அதைச் சாய்க்காமல் நட்டமாகவே விட்டு, அதன் இருபுறமும் வேறு இரண்டு ஊசிகளைப் படுக்கையாகக் குத்திய பிறகு நடு ஊசியை எடுத்துவிடலாம். நடு ஊசியையே சாய்த்துக் குத்தினால் சாய்க்கும்போதே துணிகள் ஓரிழை நகர்ந்துவிடும். மெஷினின் பற்கள் கீழ்த்துணியை மேல்துணியை விடச் சற்று வேகமாக இழுக்கும் என்பதால், பாதத்தின் அழுத்தம் அதிகமாக இருந்தால் குறைத்துவையுங்கள். தையலின் கடைசி அரை அங்குலத்தில் கை துணியை விட்டுவிடுவதால் துணி சட்டென்று பக்கவாட்டில் ஓடும். அங்கே விரலுக்குப் பதிலாகக் கோணூசியின் முனையால் துணியை அழுத்திக்கொண்டு ஊசி வரை கொண்டுபோங்கள். முக்கோண நுனியை மெஷின் உள்ளே இழுத்துத் தின்றால், முதலில் ஒரு சின்னக் கழிவுத் துணியில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே துண்டுக்குள் நுழையலாம். அகலத் துளையுள்ள ஜிக்ஜாக் தகட்டில் இந்தத் தொல்லை அதிகம். ஒற்றைத் துளைத் தகட்டில் குறைவு. மெல்லிய பருத்திக்கு 11-ஆம் எண் ஊசி, தையலின் நீளம் இரண்டிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர்.

தையல்களை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும் மூலைச்சதுரங்களை நோக்கிச் சாயுங்கள். நடுவரிசையில் நடுச்சதுரத்தை நோக்கிச் சாயுங்கள். அப்போது வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு தையல்களும் எதிரெதிர்ப் பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின் தோளில் மற்றொன்று இறுகி உட்காரும்; விரலாலேயே அதை உணரலாம். நடுச்சதுரத்தை நோக்கிச் சாய்ப்பதில் இன்னொரு நன்மை, முக்கோண முனையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பருமனின் மேல் மறுபடி துணியை மடிக்க வேண்டியதில்லை. தையலை ஒருபுறம் சாய்க்காமல் இரண்டாகப் பிரித்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். எட்டு முனைகள் ஒரே இடத்தில் குவியும் ப்ளாக்குகளில் அது தட்டையாக அமர்கிறது என்பது உண்மை. இந்த நட்சத்திரத்துக்கு நான் சாய்ப்பதையே விரும்புகிறேன். ஆனால் இதில் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது. எதைச் செய்தாலும் சோதனைப் பட்டையையும் அதே முறையில் தேய்த்து அளக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் போர்வையை நான் இழந்தது அதில்தான். சேலத்துக் கடையில் வாங்கிய மெல்லிய பாப்லினையும், வீட்டில் மிஞ்சியிருந்த தடித்த கைத்தறித் துணியையும் கலந்து தைத்தேன். பாப்லினில் சோதித்து வைத்த வழிகாட்டி கைத்தறியில் ஒவ்வொரு தையலுக்கும் சற்று அதிகமாகத் தின்றது. பாப்லின் ப்ளாக்குகள் ஓர் அளவிலும் கைத்தறி ப்ளாக்குகள் வேறோர் அளவிலும் நின்றன. இரண்டு வகையைக் கலக்கத்தான் வேண்டும் என்றால் சோதனைப் பட்டைகளையும் கலந்தே வெட்டுங்கள். அதோடு, ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் கஞ்சி போட்ட துணி ஓர் இரவிலேயே விறைப்பை இழந்துவிடுவதைப் பார்க்கிறேன். வெட்டுவதற்குச் சற்று முன்பு மறுபடி கஞ்சி தெளித்துத் தேய்த்துக்கொள்கிறேன். கீழே சேலத்து வெயிலில் உங்களுக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்காது. விறைப்பான துணியில் கிராஸ் ஓரம் நீள்வது குறைவு, அதனால் முக்கோணங்களுக்குக் கஞ்சி நல்லதே.

இனி உங்கள் கையில் இருக்கும் பன்னிரண்டு ப்ளாக்குகள். இவற்றில் நடந்ததைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆறுதலான ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் தையல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இரண்டே கால் நூல் என்பதால், வெட்டாத ப்ளாக்குகளில் நட்சத்திரத்தின் வெளி முனை விளிம்பிலிருந்து இரண்டே கால் நூல் உள்ளே நிற்கும். அவற்றை வெட்டாமல் அதே தையலில் இணைத்திருந்தால் வெளி முனைகள் சரியாகவே சந்தித்திருக்கும். 8⅜ஐ 8¼ ஆக வெட்டியபோது ஒவ்வொரு பக்கத்திலும் அரை நூல் போய்விட்டது. முனை விளிம்பிலிருந்து ஒன்றே முக்கால் நூலில் நிற்கிறது. அதன் மேல் இரண்டே கால் நூல் தையல் போட்டதால் அரை நூல் ஆழத்துக்கு முனை புதைந்துவிட்டது. உள் முனைகளை மழுங்கச் செய்தது தையல் அகலம், வெளி முனைகளைப் புதைத்தது சமப்படுத்திய கத்தரி. முனையுள்ள ப்ளாக்கின் அளவு குறைந்தால் அதை வெட்டிச் சரிசெய்ய முடியாது; வெட்டுவது முனைக்காக விட்டிருக்கும் இடத்தைத்தான் எடுக்கும்.

ஆகவே இப்படிச் செய்யலாம். இணைத்த இரண்டையும் பிரித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ப்ளாக்குகளையும் நான்கு பக்கமும் சமமாக அரை நூல் வீதம் எடுத்து 8¼ ஆக்குங்கள். பிறகு பன்னிரண்டையும் ஒன்றே முக்கால் நூல் துணியைத் தின்னும் தையலில் இணையுங்கள். அதாவது பிளாஸ்டர் சுவரை அந்த அளவுக்கு உள்ளே தள்ளி, மூன்று பட்டைச் சோதனையில் நடுப்பட்டை எட்டரை நூல் வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். தைக்கும்போது வெளி முனைகளின் வழியாகக் குண்டூசி இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த ப்ளாக் ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவாக, 7 13/16 அங்குலம் இருக்கும். எல்லாம் ஒரே அளவு என்பதால் மேல்துணி தட்டையாகவே அமரும். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த இந்தத் தையல், பஞ்சு வைத்துக் குறுக்கே தைக்கப்போகும் போர்வைக்குப் போதுமான பலம் உடையதே, துணி எளிதில் பிரியும் தளர்ந்த நெசவாக இல்லாத வரை. நீங்கள் வெட்டியபோது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போயிருந்தால் மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. வெட்டிய ப்ளாக்குகளின் நான்கு ஓரத்திலும் முனைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

மழுங்கிய உள் முனைகளுக்காகப் பன்னிரண்டு ப்ளாக்குகளையும் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிராஸ் ஓரங்கள் உள்ள துண்டுகளைப் பிரித்துத் தைத்தால், பெரும்பாலும் அரை நூல் மழுங்கலை விட மோசமான நெளிவு வந்து சேரும். ஆனால் வழிகாட்டியைச் சரிசெய்த பிறகு நீங்கள் தைக்கப்போகும் புதிய ப்ளாக்குகள் சரியாக 8½ வரும், முடிந்தபின் எட்டு அங்குலம் நிற்கும். அவற்றைப் பழையவற்றோடு ஒரே மேல்துணியில் கலக்காதீர்கள். ஒரு ப்ளாக்குக்கு ஒன்றரை நூல் வித்தியாசம் என்றால் ஐந்து ப்ளாக் நீளத்தில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம், அதை எந்த இழுப்பும் மறைக்காது. பழைய பன்னிரண்டையும் மூன்றுக்கு நான்கு என்று இணைத்தால் ஏறக்குறைய 23½ × 31¼ அங்குலம் வரும். சுற்றிலும் ஒரு கரை வைத்தால் தொட்டில் பிள்ளைக்குப் போர்த்தும் அளவு. பெரிய போர்வையை மூன்று பட்டையில் எட்டு நூல் வந்த அன்றைக்குப் புதிதாகத் தொடங்குங்கள். முதல் முக்கோணத் துண்டைச் செய்தவுடன் முனைக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த அளவையும் முதல் ப்ளாக்கின் அளவையும் இங்கேயே எழுதுங்கள். பொருந்தாமல் இருந்தால் எங்கே என்று சேர்ந்து பார்ப்போம்.